கோட்டைத் தாண்டிய சம்பளம்

சாவித்திரி முதன்முதலாக ஒருவரை அடித்தது அவளுடைய பதினாலாவது வயதில். அடி வாங்கியவர் அவளைப் பெற்ற அப்பா.

மன்னார்குடிக்குத் தெற்கே, பாமணி ஆற்றுப் பாசனத்தில் குத்தகைக்கு ஒன்றரை ஏக்கர் பயிர் செய்தவர் அவர். வாய்க்காலில் தண்ணீர் வராத வருஷம் அவர் கையில் எப்போதும் ஏதாவது இருக்கும். சாட்டை, மண்வெட்டிக் காம்பு, கிடைத்தது. அதெல்லாம் அம்மாவின் முதுகில்தான் இறங்கும். ஒருநாள் அம்மாவின் தலைமுடியைப் பிடித்துச் சுவரில் மோதியபோது, மூலையில் சாத்தியிருந்த உலக்கையைத் தூக்கி அவர் முழங்காலில் போட்டாள் சாவித்திரி. எலும்பு முறிந்த சத்தம் தெருவுக்கே கேட்டது. அன்றைக்குப் பிறகு அவர் அம்மாவைத் தொடவில்லை. மகளோடு பேசவும் இல்லை. சாகும்வரை ஒரு காலை இழுத்து இழுத்துத்தான் நடந்தார்.

ஊர் அவளைப் பிசாசு என்றது. அவளுக்கோ, உலக்கை இறங்கியபோது உள்ளே பொங்கிய சந்தோஷம்தான் பயமாக இருந்தது. அப்பாவுக்கும் இப்படித்தான் இருந்திருக்குமோ என்று நினைத்தாள். இனி யார்மேலும் கை வைப்பதில்லை என்று மனதுக்குள் முடிவு செய்துகொண்டாள். அந்த முடிவு இருபத்தாறு வருஷம் நின்றது.

தியாகராசனுக்கு அவளைக் கட்டிக்கொடுத்தார்கள். அவன் குரலை உயர்த்தத் தெரியாதவன். நடவு, அறுப்பு, மூட்டை ஏற்றுவது என்று கிடைத்த கூலி வேலைக்குப் போவான். ஒரே மகள் எழில்மொழி. பெண் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் சாவித்திரி குணசேகரனின் நெல் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தாள்.

குணசேகரனின் ஆலை புழுங்கலரிசி ஆலை. நெல்லைத் தொட்டியில் ஊறவைத்து, நீராவியில் அவித்து, உலர்த்தி, அரைப்பார்கள். உமியை எரித்துக் கொதிக்கவைக்கும் பாய்லர் இரவும் பகலும் உறுமும். நீராவிக் குழாய் சீறினால் தோல் உரிந்துவிடும். அங்கே வேலை பார்த்தவர்களில் கையிலோ காலிலோ தழும்பு இல்லாத பெண் யாரும் கிடையாது. சாவித்திரிக்கு இடது தோளிலிருந்து முழங்கை வரை இருந்தது. ஆனாலும் அவளுக்கு அந்த வேலை பிடித்திருந்தது. எந்தத் தொட்டி எப்போது புளிக்கும், எந்த நெல் எவ்வளவு ஆவி தாங்கும் என்று மூக்கை வைத்தே சொல்லிவிடுவாள். சக பெண்கள் மேலாளரிடம் கேட்பதைவிட அவளிடம்தான் கேட்பார்கள்.

அவர்களில் மூத்தவள் ஜன்னத் பீவி. ஐம்பதைத் தாண்டியவள், விதவை. எல்லோருக்கும் அவள் லாத்தா, அக்கா மாதிரி. ஆலையில் ஐந்து வருஷமாக இருந்தாள். ஆனால் சம்பளப் பட்டியலில் அவள் பெயர் கிடையாது. வாரக் கடைசியில் கையில்தான் காசு.

"ஏன் லாத்தா, ஒங்க பேரையும் எழுதச் சொல்லக் கூடாதா?" என்று சாவித்திரி ஒருமுறை கேட்டாள்.

"எழுதினா என்னாகும் தெரியுமா புள்ள? ஆதரவத்த விதவைன்னு சொல்லித்தானே கவர்மெண்டு எனக்கு மாசம் ஆயிரத்து எரநூறு போடுது. பேரு ஏறினா எனக்கு மாச வருமானம் இருக்குன்னு ஆயிடும். அது நின்னு போகும். பி.எஃப்.புக்கும் புடிப்பாங்க. இதே வேலையைப் பார்த்துட்டு ரெண்டாயிரத்துச் சில்லறை கொறைச்சலா வாங்கிட்டுப் போவணுமா நான்? பேரு இல்லாமலே இருந்துட்டுப் போறேன்."

அதில் தப்புச் சொல்ல சாவித்திரிக்கு ஒன்றும் தோன்றவில்லை.

எழில்மொழி பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கினாள். திருச்சிப் பக்கம் ஒரு தனியார் நர்சிங் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தது. கட்டணம், விடுதிக்கான உதவி எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு ஐம்பத்தெட்டாயிரம் அரசு உதவித்தொகையாக வந்தது. அதோடு சாவித்திரிக்கு மாதாமாதம் மகளிர் உரிமைத் தொகை ஆயிரம். இரண்டுக்கும் ஒரே நிபந்தனை. குடும்பத்தின் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். சாவித்திரிக்கு வங்கியில் மாதம் பன்னிரண்டாயிரம் விழும். தியாகராசனின் கூலியை வருஷத்துக்குத் தொண்ணூறாயிரம் என்று கிராம நிர்வாக அலுவலர் எழுதியிருந்தார். மொத்தம் இரண்டு லட்சத்து முப்பத்துநாலாயிரம். கோட்டுக்குள்தான் இருந்தார்கள்.

மகள் இரண்டாம் வருஷம் படிக்கும்போது குணசேகரன் சாவித்திரியைக் கூப்பிட்டனுப்பினார்.

அவர் ஐம்பது வயதுக்காரர். சட்டைப் பையில் எப்போதும் நெல் மணி நாலைந்து கிடக்கும். பேசும்போதே ஒன்றை எடுத்துப் பல்லால் உடைத்துப் பார்ப்பார்.

"உலர்த்தற பக்கம் மேஸ்திரி போயிட்டான். நீ பாத்துக்க. பொம்பளைங்க பதினெட்டுப் பேரும் ஒன் பொறுப்பு. சம்பளம் பதினாலாயிரத்து ஐநூறு."

சாவித்திரிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஒரு பெண்ணை மேஸ்திரியாக வைத்த ஆலை அந்தப் பக்கத்திலேயே கிடையாது. போகிற வழியில் இ-சேவை மையத்தில் நுழைந்து, அதை நடத்தும் ஹஃப்ஸாவிடம் சொன்னாள். அவளுடைய வருமானச் சான்றுகளையெல்லாம் வருஷாவருஷம் பதிந்து கொடுப்பது ஹஃப்ஸாதான். சந்தோஷப்படுவாள் என்று பார்த்தால் அவள் முகம் சுருங்கியது.

"அக்கா, மாசம் ரெண்டாயிரத்து ஐநூறுன்னா வருஷத்துக்கு முப்பதாயிரம். ரெண்டு லட்சத்து அறுபத்துநாலு ஆயிடும். கோட்டைத் தாண்டிடுவீங்க."

"பதினாலாயிரந்தானே தாண்டுது?"

"ஒரு ரூபா தாண்டினாலும் ஒண்ணுதாங்க்கா. கொஞ்சமாக் கொறைச்சுக் குடுக்கறதெல்லாம் கெடையாது. பாப்பாவோட ஐம்பத்தெட்டாயிரமும் போவும், ஒங்க பன்னெண்டாயிரமும் போவும். முப்பதாயிரம் வர்றதுக்கு எழுபதாயிரத்தை விடறீங்க."

சாவித்திரி நாற்காலியில் உட்கார்ந்தாள். "அப்போ நான் நல்லா வேலை பாத்தா நாப்பதாயிரம் அபராதமா?"

ஹஃப்ஸா கால்குலேட்டரை அவள் பக்கம் திருப்பி வைத்தாள்.

மறுநாள் முதலாளியிடம் போய், வேலையைப் பார்க்கிறேன், சம்பள உயர்வு வேண்டாம் என்றாள். காரணத்தையும் சொன்னாள். சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று பின்னாளில் எத்தனையோ முறை நினைத்துக்கொண்டாள். குணசேகரன் சிரித்தார்.

"இவ்வளவுதானா? பேங்க்ல பழையபடி பன்னெண்டாயிரம் போடறேன். மிச்சத்தைக் கையில குடுத்துடறேன். பட்டியல்ல நீ சாதா ஆளுதான். எவனுக்குத் தெரியப் போவுது?"

அவருக்கும் அதில் லாபம். கையில் கொடுக்கும் பணத்துக்கு அவர் பி.எஃப். கட்ட வேண்டாம், ஈ.எஸ்.ஐ. கட்ட வேண்டாம். சாவித்திரிக்கு அது பொய் என்று தெரியும். உறுத்தவும் செய்தது. ஆனால் மகளைப் படிப்பிலிருந்து நிறுத்துவதா, பதினெட்டுப் பேருக்குத் தலையாக நின்றும் கூலி வாங்காமல் போவதா என்று பார்த்தால், மூன்றாவது வழி அவள் கண்ணில் படவில்லை. சரி என்றாள்.

மூன்று மாதம் கையில் வந்தது. நாலாம் மாதம் வரவில்லை. "சீசன் முடியட்டும்" என்றார். சம்பா நெல் வந்து குவிந்தது. சாவித்திரி விடிகாலையில் வந்து விளக்கு வைத்த பிறகுதான் வீடு போனாள். சீசன் முடிந்தது. பணம் வரவில்லை. கேட்கப் போனாள்.

"எந்தப் பணம்?" என்றார் குணசேகரன். பல்லுக்கிடையில் நெல் உடைந்தது. "பட்டியலைப் பாரு. பன்னெண்டாயிரம்னு போட்டிருக்கு. பேங்க்ல விழுந்திருக்கு."

"மேஸ்திரி வேலைக்கின்னு நீங்கதானே..."

"ஒனக்கு பதினாலாயிரத்து ஐநூறு சம்பளம்னு நீ எங்க வேணாலும் போய்ச் சொல்லு. தொழிலாளர் ஆபீசுக்குப் போ. நான் தடுக்கல. நீ சொன்ன அன்னிக்கே ஒம் பொண்ணு பொட்டியைத் தூக்கிட்டு வீட்டுக்கு வந்துடும். யோசிச்சுக்க."

 முஷ்டியை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு வெளியே வந்தாள். தியாகராசனிடம் சொன்னாள்.

"விட்டுடு சாவித்திரி" என்றான் அவன். "பாப்பாவுக்கு இன்னும் ரெண்டு வருஷம். பல்லைக் கடிச்சிட்டு ஓட்டிடலாம்."

பல்லைக் கடித்துக்கொண்டாள். மேஸ்திரி வேலையையும் பார்த்தாள்.

எலிவேட்டரின் பெல்ட் மூடியைக் கழற்றிப் போட்டு ரொம்ப நாளாகியிருந்தது. நெல்லைக் கீழிருந்து மேலே கொண்டுபோகும் இயந்திரம் அது. அடிக்கடி அடைத்துக்கொள்ளும். ஒவ்வொரு தடவையும் மூடியைக் கழற்றி மாட்ட நேரமாகிறது என்று குணசேகரன்தான் அப்படியே விடச் சொன்னார். சாவித்திரி நாலைந்து முறை சொல்லிப் பார்த்துவிட்டாள்.

அன்று மத்தியானம் அடைப்பு எடுக்கக் குனிந்த ஜன்னத் பீவியின் புடவைத் தலைப்பைப் பெல்ட் கவ்வியது. அதை இழுக்கப் போன வலது கையையும் கவ்வியது. அவள் கத்திய சத்தம் பாய்லர் உறுமலைத் தாண்டிக் கேட்டது. சாவித்திரி ஓடிப்போய் மெயினை இழுத்து அணைத்தாள். சக்கரம் உடனே நிற்கவில்லை. நிற்பதற்குள் கை முழங்கைவரை உள்ளே போய்விட்டது. மூன்று பேராகச் சக்கரத்தைப் பின்னால் சுற்றிக் கையை வெளியே எடுத்தார்கள். அதைக் கை என்று சொல்ல முடியாது. சதையும் எலும்பும் நெல்லும் ஒன்றாக அரைபட்டுத் தொங்கியது. ரத்தம் வாளியில் ஊற்றியதுபோலத் தரையில் பரவி நெல்லைச் சிவப்பாக்கியது.

சாவித்திரி தன் முந்தானையைக் கிழித்துத் தோளுக்குக் கீழே இறுக்கிக் கட்டினாள். ஜன்னத் பீவி நினைவு தப்பும் முன்பு அவள் முகத்தைப் பார்த்து, "பேரை எழுதிடாத புள்ள" என்றாள். வலியில் என்ன பேசுகிறோம் என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரியில் கையை முழங்கைக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் காலையில் சாவித்திரி ஆலைக்கு வந்தபோது எலிவேட்டரைக் கழுவித் துடைத்து மூடியை மாட்டியிருந்தார்கள். குணசேகரன் களத்தில் நின்றிருந்தார். பெண்கள் எல்லோரும் உமிக்குவியல் பக்கம் கூட்டமாக நின்றார்கள்.

"லாத்தாவுக்கு ஈ.எஸ்.ஐ.ல பணம் வாங்கிக் குடுக்கணும் மொதலாளி" என்றாள் சாவித்திரி.

"யாரு லாத்தா?"

"ஜன்னத் பீவி."

"அந்த மாதிரி ஒரு ஆளு எங்கிட்ட வேலையே பாக்கல. நெல்லுப் பொறுக்க வந்த பொம்பள. கேட்டைத் தாண்டி எப்படி உள்ள வந்தாள்னு வாட்ச்மேனைக் கேட்டுட்டிருக்கேன்."



"அஞ்சு வருஷம் மொதலாளி."

"பட்டியல்ல காட்டு." அவர் நெருங்கி வந்தார். குரலைத் தாழ்த்தினார். "வி.ஏ.ஓ. நம்பர் என் போன்ல இருக்கு. இப்பவே போட்டு, சாவித்திரிக்கு உண்மையான சம்பளம் வேறன்னு சொல்லட்டுமா? ஒம் பொண்ணு காலேஜ் பேரென்ன, எழில்மொழிதானே அது பேரு..."

மகளின் பெயர் அந்த வாயிலிருந்து வந்ததும் சாவித்திரிக்குக் காது அடைத்துப்போனது. உமி வாரும் இரும்பு அகப்பை பக்கத்தில் குவியலில் செருகியிருந்தது. நீளக் காம்பு போட்டது. அதை உருவியதுகூட அவளுக்கு நினைவில்லை. அகப்பையின் தட்டைப் பக்கம் குணசேகரனின் தாடையில் இறங்கியது. பல்லும் ரத்தமும் உடைந்த நெல்லுமாகத் தெறித்தது. அவர் முழங்காலிட்டு விழுந்தார். இரண்டாவது அடி தோளில். மூன்றாவதற்கு ஓங்கினாள்.

ஓங்கிய கை அப்படியே நின்றது. உலக்கை இறங்கியபோது பொங்கிய அதே சந்தோஷம் வயிற்றிலிருந்து எழும்பி வந்துகொண்டிருந்தது. அதை அவள் அடையாளம் கண்டுகொண்டாள். அகப்பையைக் கீழே போட்டாள்.

அதற்குள் மூட்டை தூக்கும் ஆட்கள் இரண்டு பேரும் குணசேகரனின் மச்சானும் ஓடிவந்துவிட்டார்கள். அவளைக் கீழே தள்ளி மிதித்தார்கள். விலா எலும்பு இரண்டு போனது. பெண்கள் நடுவில் விழுந்து மறித்திராவிட்டால் அன்றே முடித்திருப்பார்கள். அது போதாதென்று, போலீஸ் அவளைப் பிடித்துப்போன பிறகு, சாயங்காலம் ஸ்டேஷனுக்கு வெளியே அவளுக்குச் சாப்பாடு கொண்டுவந்த தியாகராசனை வாய்க்கால் மதகுப் பக்கம் இழுத்துப்போய் அடித்தார்கள். அவன் ஒரு தடவைகூடத் திருப்பி அடிக்கவில்லை. தூக்குவாளியை மட்டும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டான். ஒரு கண் வீங்கி மூடிப்போனது. பிறகு அந்தக் கண்ணில் பார்வை பாதிதான் திரும்பியது.

சாவித்திரியை ரிமாண்டில் அனுப்பினார்கள். பெண்கள் சிறையில் பார்க்க வந்த எழில்மொழி கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று அழவில்லை. கோபமாக இருந்தாள்.

"ஏம்மா அடிச்சே? நான் படிச்சு முடிக்கறவரைக்கும் பொறுத்திருக்கக் கூடாதா?"

"ஒம் பேரைச் சொன்னான்."

"சொல்லட்டுமே! பேரைச் சொன்னா என்ன கொறைஞ்சிடும்? இப்ப எல்லாம் போச்சே!"

 மகள் திரும்பிப் பார்க்காமல் போனாள்.

ஜாமீனில் வெளியே வந்தபோது ஜன்னத் பீவிக்காக விசாரணை தொடங்கியிருந்தது. ஆஸ்பத்திரியில் ஒரு தொழிற்சங்கக்காரர் மூலம் மனு போயிருந்தது. பட்டியலில் பெயர் இல்லாவிட்டாலும், ஈ.எஸ்.ஐ.க்கு உட்பட்ட ஆலையில் உண்மையில் வேலை பார்த்தவர் என்று நிரூபித்தால் போதும். இயலாமைக்கான மாதத் தொகை கிடைக்கும், கட்டாமல் விட்டதை முதலாளியிடம் வசூலிப்பார்கள் என்று அவர் சொன்னார். நிரூபிக்கச் சாட்சி வேண்டும். மற்றப் பெண்களுக்கு வேலை போய்விடும் என்ற பயம். வேலை போன ஒரே ஆள் சாவித்திரி.

விசாரணைக்கு முந்தின நாள் குணசேகரனின் மச்சான் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"அக்கா, மாமா கேசை வாபஸ் வாங்கிக்கறேங்கறாரு. நீங்க நாளைக்குப் போவாம இருந்தாப் போதும். பாப்பா படிப்பும் அப்படியே நடக்கும். யாருக்கும் நஷ்டமில்ல."

தியாகராசன் மங்கிய கண்ணோடு உள்ளே உட்கார்ந்திருந்தான். அவன்தான் எழுந்து வந்தான். வாழ்க்கையில் முதல்தடவையாக அவன் குரல் உயர்ந்தது.

"எறங்குடா வாசலை விட்டு!"

விசாரணை நடந்த அறையில் மின்விசிறி ஓடியது. குணசேகரனின் தாடையில் கம்பி வைத்துக் கட்டியிருந்தார்கள். அவருக்காக வக்கீல் பேசினார்.

"ஜன்னத் பீவி அங்க வேலை பார்த்ததா நீங்க சொல்றீங்க. அதைச் சொல்ல நீங்க யாரு? ஆலைப் பட்டியல்படி நீங்க பன்னிரண்டாயிரம் சம்பளம் வாங்கின சாதாரணத் தொழிலாளி. யார் வந்தாங்க, யார் போனாங்கன்னு பார்க்கறது உங்க வேலையா?"

அங்கேதான் அவளைக் கொண்டுவந்து நிறுத்த நினைத்திருந்தார்கள் என்பது சாவித்திரிக்குப் புரிந்தது. சாதாரணத் தொழிலாளி என்று ஒப்புக்கொண்டால் அவள் சாட்சிக்கு எடை இல்லை. இல்லை என்றால் கோடு போய்விடும். மகளின் முகம் கண்முன் வந்தது, கம்பிக்கு அந்தப் பக்கம். பிறகு நெல்லோடு அரைபட்ட கை வந்தது.

"என் வேலைதாங்க அது" என்றாள். "நான் மேஸ்திரி. பதினெட்டுப் பேரையும் நான்தான் தெனம் வேலைக்கு விட்டேன். ஜன்னத் லாத்தாவை எலிவேட்டர்கிட்ட விட்டதும் நான்தான். எனக்குப் பேசின சம்பளம் பதினாலாயிரத்து ஐநூறு. மூணு மாசம் கையில வாங்கினேன். அப்புறம் குடுக்கல."

"அப்ப வருமானத்தை மறைச்சு அரசாங்கத்தை ஏமாத்தினீங்க?"

"கையில வாங்கினது ஏழாயிரத்து ஐநூறுதாங்க. அதைச் சேர்த்தாலும் கோட்டைத் தாண்டல. ஆனா தாண்டற சம்பளத்துக்கு ஒத்துக்கிட்டு, அதை மறைக்கவும் ஒத்துக்கிட்டேன். அது தப்புதான். எழுதிக்குங்க."

அதிகாரி எழுதிக்கொண்டார். அவள் பேசி முடித்த பிறகு இன்னும் இரண்டு பெண்கள் எழுந்து ஆமாம் என்றார்கள்.

ஜன்னத் பீவிக்கு மாதத் தொகை கிடைத்தது. வாங்கிய கூலியில் பாதிக்குச் சற்று மேல். அது வரத் தொடங்கியதும், மாத வருமானம் இருக்கிறது என்று விதவை உதவித்தொகையை நிறுத்திவிட்டார்கள். "ஒரு கையைக் குடுத்துத்தான் கவர்மெண்டுக்கு அதைத் திருப்பிக் குடுத்தேன்" என்று அவள் சொல்லிச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பை சாவித்திரியால் பார்க்க முடியாது.

சாவித்திரிக்குத் தர வேண்டிய பாக்கிச் சம்பளத்தையும் கொடுக்கச் சொல்லித் தொழிலாளர் ஆபீசிலிருந்து உத்தரவு வந்தது. அந்தப் பணம் வங்கியில் விழுந்தது. அத்தோடு, பேசின பதினாலாயிரத்து ஐநூறைக் கணக்கு வைத்து அந்த வருஷத்து வருமானத்தைக் கோட்டுக்கு மேலே எழுதினார்கள். சான்று ரத்தானது. உரிமைத் தொகை நின்றது. கல்லூரியிலிருந்து கட்டணம் கேட்டு எழில்மொழிக்குத் தகவல் வந்தது. வந்த பாக்கி, போன கட்டணத்தில் பாதிக்குக்கூடக் காணவில்லை.

எழில்மொழி அந்த வருஷம் வீட்டில் இருந்தாள். ஒரு மருந்துக்கடையில் வேலைக்குப் போனாள். அம்மாவோடு மாசக்கணக்கில் சரியாகப் பேசவில்லை. தட்டை வைத்துவிட்டுப் போவாள், அவ்வளவுதான். ஒருநாள் மருந்துக்கடைக்கு ஜன்னத் பீவி வந்தாள். வெட்டிய கையின் முனையில் புண் வைத்திருந்தது. எழில்மொழி கடையை விட்டு இறங்கி, அங்கேயே உட்காரவைத்துச் சுத்தம் செய்து கட்டிவிட்டாள். அன்று வீட்டுக்கு வந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். மன்னிப்பு என்று எதுவும் பேசவில்லை. "அந்தக் கையை நீ அன்னிக்கு இறுக்கிக் கட்டினதாலதான் அவங்க உயிரோட இருக்காங்கம்மா" என்று மட்டும் சொன்னாள்.

அடிதடி வழக்கு இன்னும் நடக்கிறது. வாய்தாவுக்கு வாய்தா சாவித்திரியும் குணசேகரனும் ஒரே வராந்தாவில் நிற்பார்கள். அவர் இப்போது நெல் கடிப்பதில்லை.

நீடாமங்கலம் போகிற வழியில் புதிதாக வந்த ஆலைக்காரர்கள் அவளைத் தேடி வந்தார்கள். அடித்தவள் என்பதும் தெரியும், தொழில் தெரிந்தவள் என்பதும் தெரியும். சாவித்திரி ஒன்றே ஒன்று கேட்டாள். சம்பளம் முழுக்க வங்கியில் வர வேண்டும். இருபதாயிரம் தந்தார்கள்.

"கோட்டை ஒட்டி நின்னா அடி வாங்கிட்டேதான் இருக்கணும்" என்று தியாகராசனிடம் சொன்னாள். "தாண்டினா இந்த எழுபதாயிரப் பள்ளத்தையே தாண்டிடணும்." மாதத்துக்கு எட்டாயிரம் கூடுதல். வருஷத்துக்குத் தொண்ணூற்றாறாயிரம். கட்டணமும் போன உரிமைத் தொகையும் அதில் அடங்கும். பி.எஃப். பிடித்தம் போக மாதம் ஆயிரம்கூட மிஞ்சாது. எட்டாயிரத்துக்கு உழைத்து ஆயிரத்துக்கும் குறைவாக வீட்டுக்குக் கொண்டுவந்தாள். ஆனால் எழில்மொழி மறுபடி கல்லூரிக்குப் போனாள்.

புது ஆலையில் போன தையில் மர்யம் என்ற பெண் வேலைக்கு வந்தாள். முப்பது வயதிருக்கும். புருஷன் விட்டுவிட்டுப் போய்விட்டான். இரண்டு பிள்ளைகள். முதல் நாளே சாவித்திரியைத் தனியாக அழைத்தாள்.

"அக்கா, எம் பேரைப் பட்டியல்ல போட வேணாம். கைவிடப்பட்டவள்னு மாசம் பணம் வருது எனக்கு. அது நின்னுடும்."

"நிக்கும்" என்றாள் சாவித்திரி. "தெரியும். ஆனா பேரு இல்லாம இங்க யாரையும் நான் உள்ள விட மாட்டேன்."

"மாசம் ஆயிரத்து எரநூறுக்கா! பிடித்தமும் போனா பிள்ளைங்களுக்கு நான் என்ன போடறது? நீயா குடுப்பே?"

 சாவித்திரி ஜன்னத் லாத்தாவின் கையைப் பற்றிச் சொல்லிப் பார்த்தாள். அடிபட்டால் ஈ.எஸ்.ஐ. இருக்கும் என்றாள். மர்யம் கேட்கும் நிலையில் இல்லை. அவள் கேட்டது அடிபட்டால் கிடைக்கும் பணத்தை இல்லை. அந்த மாதத்து அரிசியை. சாவித்திரி கணக்கர் பக்கம் திரும்பிப் பட்டியலில் பெயரை எழுதச் சொன்னாள்.

மர்யம் குனிந்து ஒரு கை சூடான அவித்த நெல்லை அள்ளி அவள் முகத்தில் வீசினாள். "நாசமாப் போடி!" என்று கத்தினாள். நெல் கன்னத்தில் ஒட்டிச் சுட்டது. சுற்றி நின்றவர்கள் மர்யத்தின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். எல்லோரும் சாவித்திரியின் கையைத்தான் பார்த்தார்கள். அவளைப் பற்றிக் கேள்விப்படாதவர்கள் அங்கே யாரும் இல்லை.

"விடுங்க அவளை" என்றாள் சாவித்திரி. முகத்தில் ஒட்டிய நெல்லை ஒவ்வொன்றாகத் துடைத்தாள். "அவ சொல்றதும் நெசந்தான். ரெண்டாந் தொட்டியில ஆவி ஏறுது, போயித் தெறங்க."

மர்யம் அழுதுகொண்டே தொட்டிப் பக்கம் போனாள்.